கனவில் இழுத்த புகை

கஞ்சாவை விட்ட பிறகு என் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் குடித்தான். அதுவும் கனவில். அந்த ஒரு கனவுக்காகப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இழந்தான். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் மிச்சத்தைச் சொல்வேன். எத்தனையோ வருஷமாகிவிட்டது, எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் எங்களுக்கு வேலை. தாய் தகப்பன் இல்லை. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் ஒரே அறை. அதில் அண்ணன், மதினி, நடை பழகிக்கொண்டிருந்த அவர்களுடைய பெண்பிள்ளை, நான். நானும் மதினியும் ஏலக்காய் பறிக்கப் போவோம். அண்ணனுக்கு நிழல்மரக் கவாத்து. ஏலச்செடிக்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். அதனால் மேலே நிற்கிற பெரிய மரங்களில் ஏறி, எந்தக் கிளையை விடுவது எந்தக் கிளையைக் கழிப்பது என்று பார்த்து வெட்ட வேண்டும். அந்த உயரத்தில் குளிர்காற்று அடித்தால் கை விறைத்துப்போகும். பயம் தெரியாமல் இருக்கவும் குளிர் தெரியாமல் இருக்கவும் கவாத்துக்காரர்கள் சிலும்பியில், கஞ்சா திணித்த மண்குழாயில், புகை இழுப்பார்கள். அண்ணனும் அப்படித்தான் தொடங்கினான். பிறகு மரத்தில் ஏறாத நாளிலும் இழுத்தான். கடைசியில் இழுக்காமல் படுக்கவே முடியாது என்கிற நிலைக்கு வந்தான்.

படுத்தால் கட்டைதான். தலைமாட்டில் தவில் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். "எனக்கெல்லாம் கனவே வராது தெரியுமா?" என்று அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வான். அவன் சொன்னது உண்மைதான் என்பதும் அது பெருமை இல்லை என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதினி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அழுதாள், ஏசினாள், சிலும்பியை உடைத்தாள். அண்ணன் வேறு சிலும்பி வாங்கி வந்தான். ஒரு சாயங்காலம் நானும் மதினியும் தண்ணிக்குப் போயிருந்தபோது, அவன் அடுப்புக்குப் பக்கத்தில் கண் திறந்தபடியே உட்கார்ந்திருக்க, பிள்ளை தவழ்ந்து போய்க் கொள்ளிக்கட்டையைப் பிடித்துவிட்டது. உள்ளங்கை வெந்துபோனது. பிள்ளை வீரிட்ட சத்தம் ஓடை வரைக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்தவனுக்குக் கேட்க நேரமானது. மறுநாள் காலையில் மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போடிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு இறங்கிவிட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"பங்குனிப் பொங்கலுக்கு மேல வருவேன் தாயி. உங்கண்ணன மாரியம்மனுக்குக் காப்புக் கட்டச் சொல்லு, இனி தொடமாட்டேன்னு. நான் வாரப்ப கையில காப்பு இருந்தா வீட்டுக்கு வாரேன். இல்லைன்னா கோவில் வாசலோட திரும்பிருவேன். பேச்சே கிடையாது."

அண்ணன் அன்றைக்கே காப்புக் கட்டிக்கொண்டான். லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் எங்கள் மாரியம்மன். மஞ்சள் துணுக்கை நூலில் முடிந்து வலது மணிக்கட்டில் கட்டுவார் பூசாரி. கட்டினவன் தான் நேர்ந்துகொண்டதைத் தொடக்கூடாது. பொங்கலன்று பூசாரியே அவிழ்ப்பார். நேர்ச்சை முறிந்துபோனால் அவனே காப்பைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்துவிட வேண்டும். முறிந்த காப்போடு திரிந்தால் அவன் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போடும் என்பது நம்பிக்கை. அந்தக் காலத்தில் அம்மைக்கு நாங்கள் எத்தனை பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தால், அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

சிலும்பியை ஒரு துணியில் சுற்றி, லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்தான். உடைத்துப் போடச் சொன்னேன். "புதைச்சாத்தான் செத்ததா அர்த்தம்" என்றான். பேச்சில் மன்னன்.

முதல் சில நாட்கள் தூக்கமே இல்லை. மலைக்குளிரில் நான் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அவன் வேர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பான். கஞ்சி இறங்காது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். நானும் சும்மா இருக்கிற ரகம் இல்லை, திருப்பிக் கொடுப்பேன். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். விட்டுவிட்டான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

பிறகு தூக்கம் துண்டு துண்டாக வந்தது. கூடவே கனவும் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அணை உடைந்த மாதிரி. கண்ணை மூடினால் போதும். செத்துப்போன எங்கள் அம்மா ஈரச்சேலையோடு ஏலக்காய் பறித்துக்கொண்டிருப்பாள். வெட்டின கிளை மறுபடி மரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கும். அவன் சொல்கிற விதத்தில் அந்தச் சேலையின் நிறமும், கிளையிலிருந்து வடிகிற பாலின் வாசனையும் எனக்கே தெரியும். "ஊருக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருவாட்டிதான் கூத்து, ஒனக்குத் தினமும் விடிய விடியக் கூத்தா?" என்று நான் கிண்டல் செய்வேன். முதலில் அவனும் சிரித்தான். பிறகு பிள்ளை மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பதாகவும், இவன் ஏற ஏற மரம் வளர்வதாகவும் கனவு வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. படுக்கவே பயந்தான்.

வாரத்துக்கு ஒருநாள் மருந்துப்பெட்டியோடு கம்பவுண்டர் தோட்டத்துக்கு வருவார். நாசரேத்துப் பக்கத்து ஆள், கடுகடுப்பு, ஆனால் கைராசிக்காரர். அண்ணனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரிடம் கூட்டிப்போனேன். கஞ்சாவை விட்டுவிட்டதாகவும் தூக்கம் வரவில்லை என்றும் அண்ணன் சொன்னான்.

"வராது. இத்தனை வருஷமா வெளியே இருந்து வாங்கித் தூங்கினே, இனி ஒடம்பு தானாத் தூங்கப் பழகணும்" என்றார் கம்பவுண்டர். "பகல்ல கண் அசராதே. ராத்திரி தூங்கலைன்னாலும் காலையில வழக்கமான நேரத்துக்கு எந்திரி. வெயில் மேல படுற மாதிரி வேலை செய். பொழுது சாஞ்சா கட்டஞ்சாயா, டீத்தண்ணி எதுவும் கிடையாது. தூக்கம் வரலைன்னா பாயில உருண்டு மல்லுக்கட்டாதே, எந்திரிச்சுக் கொஞ்சம் உக்காந்துட்டு, கண் சொருகும்போது போய்ப் படு. எவனாவது தூக்கத்துக்குச் சாராயம் குடின்னு சொன்னா அவன் பேச்சைக் கேக்காதே. அது தூக்கம் மாதிரி இருக்கும், தூக்கம் இல்ல. இன்னும் ஒருமாசத்துக்கு மரத்துல ஏறாதே. கீழ வேலை கொடுக்கச் சொல்லி நான் கங்காணிகிட்டச் சொல்றேன்."

நல்ல யோசனைகள்தான். ஆனால் அண்ணன் கனவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தபோது காலை மிதித்தான். வெளியே வந்து கேட்டால், "கனவு சாமி சமாச்சாரம். அதப்போய் ஆஸ்பத்திரிக்காரர்ட்டச் சொல்லுவாகளா?" என்றான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். காய்ச்சல், கழிச்சல், வெட்டுக்காயம் எல்லாம் மருந்துப்பெட்டிக்கு, கனவு பூசாரிக்கு. இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருந்தால்! இந்த ஒரு "இருந்தால்" என் ஆயுள் முழுக்க என்னோடு வந்திருக்கிறது.

கம்பவுண்டர் சொன்னதை அண்ணன் ஒழுங்காகச் செய்தான். மரம் ஏறாமல் களை வெட்டினான். சாயங்காலச் சாயாவை விட்டான். தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. தூக்கம் கூடக் கூட, கனவுக்கும் இடம் கூடியது.

பொங்கல் நெருங்கிவிட்டது. ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து பார்த்தால், அண்ணன் வாசலில் உட்கார்ந்து தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, நான் குடிச்சிட்டேன்."

"எப்ப? எங்க?"

"பலாமரத்தடியில. தோண்டி எடுத்தேன். துணியால தொடச்சேன். நெருப்பு வச்சு இழுத்தேன். நெஞ்சு நெறைய இழுத்தேன் தங்கச்சி. இப்பவும் தொண்டையில காறுது பாரு."

கையில் அகப்பட்ட களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பலாமரத்துக்கு ஓடினேன். மண் இறுகிக் கிடந்தது. காய்ந்த சருகுகூடக் கலையவில்லை. தோண்டினால், சுற்றின துணி சுற்றினபடியே இருந்தது. சிலும்பிக்குள் ஈரமண், ஒரு மண்புழு. அதை அப்படியே அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"கனவுடா பைத்தியக்காரா! கனவு!"

அவன் மண்புழுவைப் பார்த்தான். ஒருகணம் முகம் தெளிந்தது. தெளிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஆனா இழுக்கறப்ப எனக்கு வேணாம்னு தோணலையே. காப்பு கையிலதான் இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் இழுத்தேன்."

நேராகப் பூசாரியிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன். பூசாரி கெட்டவர் இல்லை. எங்களோடு காட்டில் வேலை செய்கிற மனுஷர்தான். அவர் தாடையைத் தடவிக்கொண்டு அம்மன் கல்லைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்னாலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, அவரால் அதைக் கனவு என்று தள்ள முடியாது. ஓடைக்கரையில் அந்தக் கோவில் வந்ததே கனவால்தான். அவருடைய அப்பன் கனவில் அம்மன் வந்து, இந்தக் கல்லில் இருக்கிறேன், எனக்கு நிழல் போடு என்று கேட்டாளாம்.

"ஆத்தா கனவுல வந்து கேட்டா, அத நேர்ல கேட்டதாத்தானே எடுத்துக்கிடுறோம்?" என்றார் பூசாரி. "அப்ப நீ கனவுல குடிச்சத மட்டும் எப்பிடிப்பா இல்லைன்னு சொல்றது? நான் கழட்டுன்னும் சொல்லல, இருக்கட்டும்னும் சொல்லல. பிள்ளைக்காரன் நீ. ஒம் மனசு என்ன சொல்லுது?"

அவன் மனசு என்ன சொல்லும்? போடியில் ஒரு பிள்ளை, உள்ளங்கையில் ஆறாத புண்ணோடு இருக்கிறது. முறிந்த காப்பைக் கட்டிக்கொண்டு திரிந்து அந்த உடம்பில் அம்மையையும் போடவைக்க அவன் தயாராக இல்லை. நான் கத்தினேன், கையைப் பிடித்தேன், கையைக் கடித்தேன்கூட. அவன் பல்லாலேயே முடிச்சை அவிழ்த்து, அம்மன் காலடியில் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டான். நிஜத்தில் குடித்த எத்தனையோ பேர் காப்பைப் பிடித்துக்கொண்டு நல்லபிள்ளையாய்த் திரிந்த கோவில் அது. குடிக்காதவன் கழற்றினான்.

பங்குனிப் பொங்கலன்று போடியிலிருந்து ஏறி வந்த கூட்டத்தோடு மதினி வந்தாள். இடுப்பில் பிள்ளை. தலையில் பூ வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிற நினைப்போடுதான் வந்திருக்கிறாள். உலையில் பச்சரிசி பொங்கிக்கொண்டிருந்தது, கொட்டுச்சத்தம் காதைப் பிளந்தது. அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

"காப்பு எங்க?"

"கழட்டிட்டேன்."

"குடிச்சீகளா?"

பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பான். அம்மன் வாசலில் நின்றுகொண்டு, "ஆமா" என்றான்.

"கனவுல மதினி! கனவுலதான் குடிச்சான்! சிலும்பில மண்புழு இருந்துச்சு, நானே பாத்தேன்!" என்று நான் கொட்டுச்சத்தத்துக்கு மேலே கூவினேன். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "கனவுல குடிச்சானாம்ல!" என்று ஒருவன் அடுத்தவனுக்குச் சொன்னான். மதினி முந்தானையை இழுத்துச் செருகினாள். இத்தனை வருஷம் அவள் கேட்ட சாக்குகளில் இது மட்டும்தான் பாக்கி என்று நினைத்திருப்பாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். பிள்ளை மட்டும் அவள் தோளுக்கு மேலே எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

அடுத்த முறை கம்பவுண்டர் வந்தபோது, அண்ணனின் காலை நான் மிதித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அவர் மருந்து கலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு போய், வருத்தம் வந்தது.

"ஏன்டா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? கஞ்சாவும் சாராயமும் விடுறவனுக்கெல்லாம் வர்றதுதானே இது. அது கனவ அமுக்கி வச்சிருக்கும். கைய எடுத்தா எல்லாம் ஒண்ணாக் கிளம்பும். விட்டதையே திரும்பக் குடிக்கிற மாதிரியும் கனவு வரும். முழிச்சா வாயில ருசிகூட இருக்கும். எத்தனையோ பேர் எங்கிட்ட அழுதிருக்கானுக. அதுக்குப் பேரு குடிக்கிறது இல்லடா. ஒடம்பு பழசை மறக்கிற பாடு அது. நீ குடிச்சிருந்தேன்னா அந்தக் கனவே வந்திருக்காது."

அண்ணன் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான்.

"வேர்த்து முழிச்சா எந்திரிச்சு உக்காரு. தண்ணி குடி. தரையத் தொடு, சுவரத் தொடு, எங்க இருக்கேன்னு ஒனக்கு நீயே சொல்லு. விடிஞ்சதும் கனவ யார்ட்டயாவது சொல்லிக் கழிச்சிரு. முக்கியமா ஒண்ணு கேட்டுக்கோ. எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, கஞ்சி குடிச்சு முடிக்கிற வரைக்கும் கனவ வச்சு ஒரு முடிவும் எடுக்காதே."

இதைக் கேட்டுத்தான் அண்ணன் உடைந்து அழுதான். காப்பைக் கழற்றின அன்றைக்கு அவன் கஞ்சி குடித்திருக்கவில்லை.

பிறகு ஒன்று கேட்டான்: "இப்பக் குடிச்சா இந்தக் கனவெல்லாம் நின்னுருமா?"

"நிக்கும். மறுபடி விட்டேன்னா மறுபடி மொதல்லருந்து வரும். இன்னும் கொஞ்ச வாரம் பொறுத்தா அதுவா அடங்கும். எது வேணும்னு நீயே பாத்துக்கோ."

நான் போடிக்கு இறங்கினேன். கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் மதினியிடம் ஒப்பித்தேன். அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள். நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்பினாள் என்றே நினைக்கிறேன், அதுதான் இன்னும் மோசம். உச்சிக்குடுமியை முடிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி தாயி, கனவுலதான் குடிச்சாரு. இருக்கட்டும். கனவுல ஒண்ணு நடந்துச்சுன்னு கையில இருந்தத அவுத்து வச்சாரே, அவ்வளவு மரியாத அதுக்கு. நான் அஞ்சாறு வருஷமா நேர்ல நின்னு அழுதேனே, அதுக்கு ஒருநாள் குடுத்தாரா?"

பிள்ளைக்குப் பயந்துதான் கழற்றினான் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிள்ளையின் உள்ளங்கை அவள் மடியில் விரிந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் வரவில்லை. பிறந்த வீட்டிலேயே இருந்து, காட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். அண்ணன் மூன்று நான்கு முறை இறங்கிப் போய்ப் பார்த்தான். வாசலில் தண்ணி கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஏறி வந்தான். இனி எதற்காக விட வேண்டும் என்று கேட்டு மறுபடி சிலும்பியைத் தொட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொடவில்லை. காப்பும் இல்லாமல், வருவதற்கு ஆளும் இல்லாமல், சும்மாவே விட்டுவிட்டான். கம்பவுண்டர் சொன்னபடியே, கோடைமழை தொடங்கும் முன்னாலேயே கனவுகள் ஒவ்வொன்றாக மங்கின. வேர்வை நின்றது. மறுபடி மரம் ஏறினான்.

வெகுகாலம் கழித்து, தேனியில் ஒரு டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தூக்கத்திலேயே கனவுக்கென்று ஒரு பங்கு இருக்கிறதாம். கஞ்சா அதைக் குறைத்துவிடுமாம். நிறுத்தினதும் உடம்பு விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கப் பார்க்குமாம். கம்பவுண்டர் சொன்னதுதான், கொஞ்சம் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு. இதைத் தெரிந்துகொண்டு இனி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கோபம்தான் வந்தது.

வயசான பிறகு அண்ணன் என்னோடுதான் இருந்தான். நன்றாகத் தூங்குவான். ஒருநாள் காலையில் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"இப்பல்லாம் கனவே வர்றதில்ல தங்கச்சி. வந்தாலும் விடிஞ்சா நெனப்புல நிக்கல. அந்த ஒரு மாசம் வந்துச்சு பாரு, பயந்து பயந்து செத்தேனே. அந்த மாசம் பூரா ராத்திரியில அவளும் பிள்ளையும் எங்கூடத்தான் இருந்தாக."